மஞ்சள் பலகை போதுமா?

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் வெளிநாட்டுப் பணம் வராத தெரு அபூர்வம். துபாயில் கொத்தனார், சிங்கப்பூரில் வெல்டர், பிரான்சில் ஓட்டல் வேலை. மாதம் பிறந்தால் "பையன் அனுப்பிச்சிட்டான், போய் வாங்கிட்டு வா" என்ற பேச்சுதான்.

வாங்கப் போகும் தாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. 'வெஸ்டர்ன் யூனியன்' என்று எழுத்துக்கூட்ட மாட்டார். ஆனால் மஞ்சளும் கறுப்புமாக இருக்கும் பலகையைத் தூரத்திலேயே கண்டுகொள்வார். நகைக்கடன் கடையோ, நோட்டு மாற்றும் கடையோ, எங்கே அந்த நிறம் தெரிந்தாலும் "நம்ம பணம் இங்கே கிடைக்கும்" என்று நுழைந்துவிடுவார். அதுதான் அந்த நிறத்தின் வேலை!

தந்திக் கம்பெனி

அந்தப் பெயருக்கு வயது அதிகம். 1851-ல் அமெரிக்காவில் தந்தி அடிக்கத் தொடங்கிய கம்பெனி அது. 1871-ல் கம்பி வழியே பணமும் அனுப்ப ஆரம்பித்தது. 2006-ல் தந்தியை மூட்டை கட்டிவிட்டது. பெயரை மட்டும் விடவில்லை. 2001-ல் நமது தபால் இலாகாவோடு கைகோத்தது. தபால்காரரை நம்பிய ஜனங்கள் மஞ்சள் பலகையையும் நம்பினார்கள்.

பலகைக்குப் பின்னால்

ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அமெரிக்கக் கம்பெனியின் ஆள் அல்ல. ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற இந்திய ஏஜெண்டு ஒருவர். அவருக்குக் கீழே சப்-ஏஜெண்டு. அந்தச் சப்-ஏஜெண்டின் கடைதான் ஊரில் இருப்பது. கமிஷனுக்காக அவர் பலகை மாட்டுகிறார். ஒரே கடையில் நாலு கம்பெனிப் பலகை தொங்குவதும் உண்டு.

பணம் உண்மையில் இருப்பது பலகையில் அல்ல, நம்பரில். சிங்கப்பூரில் மகன் பணம் கட்டியதும் ரசீதில் பத்து இலக்க எண் ஒன்று தருவார்கள். எம்.டி.சி.என். என்பார்கள். அந்த எண்ணும் போட்டோ அடையாளச் சீட்டும் இருந்தால், அதே கம்பெனிப் பலகை உள்ள எந்தக் கடையிலும் பணம் கிடைக்கும். ஒரு கடையில் "கல்லாவிலே காசு இல்லே, நாளைக்கு வாங்கம்மா" என்றால் காத்துக் கிடக்க வேண்டாம். அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். 50 ஆயிரம் ரூபாய் வரைதான் ரொக்கம். அதற்கு மேல் செக்காகவோ வங்கிக் கணக்கிலோதான் தருவார்கள்.

அனுப்பும் கட்டணத்தை அங்கேயே மகன் கட்டிவிடுகிறான். வாங்குகிற தாய் காலணா தரவேண்டியதில்லை. இது எத்தனை தாய்மாருக்குத் தெரியும்? பலகையில்தான் எழுதவில்லையே!

58 கோடி டாலர்!

நிறத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவே பார்த்துவிட்டது. "லாட்டரி விழுந்திருக்கிறது, முன்பணம் அனுப்பு", "பேரன் ஜெயிலில் இருக்கிறான்" என்று சொல்லி, வயதானவர்களை இதே மஞ்சள் பலகைக் கடைகள் வழியாகப் பணம் அனுப்ப வைத்தார்கள் எத்தர்கள். சில ஏஜெண்டுகளும் உடந்தை! கெட்ட ஏஜெண்டுகளைக் கம்பெனி கண்டும் விட்டுவைத்தது என்பது வழக்கு. 2017 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 58 கோடியே 60 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது வெஸ்டர்ன் யூனியன்.

பலகையை மாட்டியவன் தவறு செய்தாலும் அதில் உள்ள பெயர்தான் பதில் சொல்லியாக வேண்டும் என்பதே பாடம்.

நமது ஊரில் வேறு மாதிரி வலை விரிக்கலாம். "உங்க மகன் அனுப்பின பணம் நிக்குது, ரிலீஸ் பண்ண ஐயாயிரம் கட்டுங்க" என்று போன் வரும். அப்படி வந்தால் அது மோசடியேதான். ரிசர்வ் வங்கியின் இந்தத் திட்டத்தில் பணம் உள்ளேதான் வரலாம், வெளியே போக வழியே இல்லை. நம்பரைக் கேட்டாலும் சொல்லக் கூடாது. கடையில் படிவம் எழுதும்போது மட்டும் காட்ட வேண்டும்.

மூன்றே வரி

கம்பெனிகள் நிறத்துக்கும் எழுத்தின் வளைவுக்கும் லட்சக்கணக்கில் கொட்டுகின்றன. ஆனால் அந்த அடையாளம் பணம் கட்டும் மகனைக் கவர்கிறதே தவிர, வாங்கும் தாயோடு பேசவில்லை. பலகையின் அடியில் தமிழில் மூன்று வரி போதும். இந்தக் கடை எந்த ஏஜெண்டின் கீழ் இருக்கிறது? பணம் வாங்கக் கட்டணம் இல்லை. புகாருக்கு இந்த போன். மகன் கையில் இருக்கும் ரசீதிலும் இதே மூன்று வரி தமிழில் இருக்கட்டும். அங்கே மகன் படித்ததையே இங்கே தாயும் படித்தால், நடுவில் நிற்கிற ஆசாமி ஏமாற்ற முடியாது.

மஞ்சள் பெயிண்ட் யார் வேண்டுமானாலும் வாங்கி அடிக்கலாம். பொறுப்பை எழுதி மாட்டுவதுதான் கஷ்டம். கம்பெனிகளும், அவர்களுக்கு அனுமதி தரும் அதிகாரிகளும் கவனிப்பார்களா?