பன்னிரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம்

திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இளநிலை எழுத்தராகச் சேர்ந்து நான்கே மாதங்களான ஒரு பெண்ணின் கதையை இம்மாதம் சொல்லுகிறோம். அவளை ஸ்டெல்லா என்று அழைப்போம்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி. சாயப்பட்டறை, தையற்கூடம், பொத்தான் வியாபாரி என்று 43 பேருக்குரிய தொகைகளை ஒரே பட்டியலாக்கி, வங்கியின் இணையதளத்தில் ஏற்றுபவர் மூத்த எழுத்தர். மேலாளர் ஒப்புதல் அளித்தால்தான் பணம் புறப்படும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒப்புதல் அளிப்பவர் மொத்தத்தை மட்டும் பார்ப்பாரானால் அந்தக் காவலில் பாதி போய்விடுகிறது.

அன்றைய கணக்கை முடிக்கும்போது ஸ்டெல்லாவின் கண்ணில் இரண்டு பட்டியல்கள் பட்டன. மதியத்தது ரூ.18,62,450, ஒப்புதலுக்குக் காத்திருந்த மாலைப் பட்டியல் ரூ.18,74,450. கழித்துப் பார்த்தாள். சரியாகப் பன்னிரண்டாயிரம். லாரி வாடகையும் அதுவே! மதியம் இணையதளம் நின்றுபோகவே, பட்டியல் ஏறவில்லை என்றெண்ணிய மூத்தவர், லாரி வாடகையையும் சேர்த்து வேறு பெயரில் மறுபடி ஏற்றியிருந்தார். பெயரும் மொத்தமும் மாறியிருந்தமையால் வங்கியும் அதைப் புதியதாகவே ஏற்றுக்கொண்டது.

இருப்பினும் அவள் அவசரப்படவில்லை. முதற்பட்டியல் உண்மையாகவே போகாதிருந்தால்? வங்கிக் கணக்கைத் திறந்தாள். சாயப்பட்டறைக்கு ரூ.37,418, பிற்பகல் 3.10க்குப் பற்று வைக்கப்பட்டு, குறிப்பு எண்ணும் விழுந்திருந்தது. ஒரே தொகை இருமுறை வருவது தவறாகிவிடாது. மாத வாடகை அப்படித்தான் வரும். ஆகவே பில் எண்ணை ஒப்பிட்டாள். அதே எண். மற்ற 42 பேருக்கும் அவ்வாறே.

மேலாளர் ஏழு மணிக்கு வீட்டிலிருந்தே ஒப்புதல் அளிப்பது வழக்கம். 2019 டிசம்பர் முதல் நெஃப்ட் இரவும் பகலும் அரைமணிக்கு ஒரு முறை ஓடுகிறது. போன பணத்தை, பெற்றவர் இசைந்தாலன்றி வங்கி திரும்ப எடுத்துத் தராது. கணக்கில் மீதமிருந்தது சுமார் இருபது லட்சம். மறுநாள் சனிக்கிழமை, தையற்காரர்களின் வாரக் கூலி அதிலிருந்துதான்.

மூத்தவரோ பேருந்தேறிவிட்டார். தமையனைப்போல் நின்று வேலை கற்பித்தவர். ஸ்டெல்லா தொலைபேசியைக் கையிலெடுத்துச் சற்று நேரம் வைத்திருந்தாள். பிறகு மேலாளரை அழைத்தாள்.

"ஐயா, மாலைப் பட்டியலுக்கு ஒப்புதல் தரவேண்டாம்."

"ஏனம்மா? மதியம் போகவில்லை என்றாரே?"

"போயிருக்கிறது ஐயா. 43 பேருக்கும் குறிப்பு எண் விழுந்திருக்கிறது."

மறுமுனையில் சிறிது மௌனம். "அண்ணனிடம் சொன்னாயா?"

"இல்லை ஐயா. ஏழு மணியாகப் போகிறதே என்று தங்களை முதலில் அழைத்தேன்."

பட்டியல் முழுவதும் நிராகரிக்கப்பட்டது. லாரி வாடகையை மட்டும் தனியே ஏற்றி ஒப்புதல் பெற்றபின், அவள் மூத்தவரை அழைத்து நடந்ததைச் சொன்னாள். பேருந்தின் இரைச்சல் நெடுநேரம் கேட்டது.

"லாரிக்காரர் வாசலில் காத்திருந்தாரே, அம்மா. அவருக்குப் போய்விட்டதா?" என்றார் அவர்.

"போய்விட்டது, அண்ணா."