ஆகஸ்டு மட்டும் எவ்வளவு?

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை ஒரு நண்பருக்குப் படிக்க அனுப்பியிருந்தேன். அவர் மட்டாஞ்சேரியில், பஜார் சாலையின் பழைய மிளகு, சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் தங்கி வரலாற்றில் முனைவர்ப் பட்ட ஆய்வு செய்பவர். என்னைவிட நான்காண்டு இளையவர். பிறவியிலேயே பார்வையற்றவர். கணினித் திரையில் உள்ளதைக் குரலாக்கித் தரும் திரைவாசிப்பான் மென்பொருளைக் கொண்டே படிக்கிறார், எழுதுகிறார், பிறர் கட்டுரைகளை ஈவிரக்கமின்றித் திருத்துகிறார்.

அந்த இயல் 2018 ஆகஸ்டில் கேரளம் கண்ட பெருவெள்ளத்தைப் பற்றியது. மத்திய நீர் ஆணையம் அவ்வாண்டு செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையின் மழையளவுகளைக் கொண்டு அதில் ஒரு பட்டை விளக்கப்படம் வரைந்திருந்தேன். ஜூன், ஜூலை, ஆகஸ்டு என மூன்று இணைப் பட்டைகள். ஒவ்வோர் இணையிலும் இடப்பக்கம் இயல்பான மழை, வலப்பக்கம் உண்மையில் பெய்த மழை. நண்பருக்காகவே அப்படத்திற்கு மாற்றுரையும் எழுதினேன். படத்தைக் காண இயலாதவருக்குத் திரைவாசிப்பான் படத்தின் இடத்தில் வாசித்துக் காட்டும் எழுத்துரைதான் மாற்றுரை. நான் எழுதியது இது: “2018 ஜூன் முதல் ஆகஸ்டு 19 வரை கேரளத்தில் இயல்பைவிட 42 விழுக்காடு அதிக மழை பெய்ததைக் காட்டும் பட்டை விளக்கப்படம்.” நல்ல மாற்றுரை எழுதிவிட்டதாக ஒரு நிறைவு இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுநாள் ஒரே வரியில் அவரிடமிருந்து குரல்செய்தி வந்தது: “அண்ணா, ஆகஸ்டு மட்டும் எவ்வளவு?”

இந்தக் கேள்வியின் எடை 2018 பற்றிய விவாதத்தை அறிந்தவர்களுக்குப் புரியும். எதிர்பாராத பெருமழையே வெள்ளத்திற்குக் காரணம், அணைகளால் வெள்ளம் பெருகவில்லை என்பது நீர் ஆணையத்தின் முடிவு. கேரள உயர்நீதிமன்றம் நியமித்த நீதிமன்ற நண்பர் 2019இல் அளித்த அறிக்கையோ அணைகள் கையாளப்பட்ட விதத்தைக் குறைகூறியது. இவ்விரு தரப்பில் எதை ஏற்பதானாலும் மழை எப்போது, எவ்வளவு செறிவாகப் பெய்தது என்று முதலில் தெரிய வேண்டும். பார்வையுள்ளவர் என் படத்தைக் கண்டதும் மூன்றாம் இணையில் இருக்கும் பெரும் இடைவெளியைப் பிடித்துக்கொள்வார். நண்பருக்கு நான் தந்ததோ முழுப் பருவத்துக்கும் சேர்த்து ஒற்றை எண். என் முடிவை மட்டும் அவரிடம் கொடுத்துவிட்டு, அதற்கான சான்றை நானே வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே எண்களை அட்டவணையாக அனுப்பினேன். இயல்பான மழை முதலிலும் பெய்த மழை அடுத்தும் வரும்படி இங்கே தருகிறேன். ஜூனில் 649.8 மி.மீ., 749.6 மி.மீ.; ஜூலையில் 726.1, 857.4, ஆகஸ்டு 1 முதல் 19 வரை 287.6, 758.6. மிகுதி முறையே 15, 18, 164 விழுக்காடு.

அரைமணி நேரத்தில் தொலைபேசியில் அழைத்தார். மிகுதியாகப் பெய்த மழையை மாதவாரியாகக் கழித்துப் பார்த்திருக்கிறார். ஜூனில் ஏறத்தாழ 100 மி.மீ., ஜூலையில் 131, ஆகஸ்டின் 19 நாளில் 471. ஆக, மொத்த மிகுதியில் மூன்றில் இரண்டு பங்கு கடைசி 19 நாளில் விழுந்திருக்கிறது. என் 42 விழுக்காடு இதைத்தான் மறைத்தது. அதோடு விடவில்லை. “உங்க படத்துல ஜூலைப் பட்டைதானே எல்லாத்தையும்விட உயரமா இருக்கும்?” என்று கேட்டார். இருந்தது. 857 மி.மீ. காட்டும் பட்டை 759 மி.மீ. பட்டையைவிட உயரமாகத்தானே இருக்கும்? ஆனால் ஜூலைக்கு 31 நாள், ஆகஸ்டுக்கு 19 நாளே கணக்கு. நாளொன்றுக்கு வகுத்தால் ஜூனில் 25 மி.மீ., ஜூலையில் 28, ஆகஸ்டில் 40. அச்சில் ‘ஆகஸ்டு’ என்று மட்டும் குறித்திருந்த என் படம், பார்வையுள்ளவரிடம் ஜூலையே உச்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இயலை அதற்கு முன் படித்த நால்வரும், என்னையும் சேர்த்து, கண்ணால் பார்த்தவர்கள். நால்வருக்கும் அது படவில்லை.

எனவே என் கருத்து இது: மாற்றுரையும் அட்டவணையும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. மாற்றுரை எழுதியவரின் வாசிப்பு. அட்டவணையோ வாசகர் அவ்வாசிப்பை மறுப்பதற்கான வழி. ஆய்வுலகில் முன்னதை மட்டும் கொடுப்பது, மேற்கோள் நூலைக் காட்டாமல் அதன் சாரத்தை மட்டும் சொல்லி ‘நம்புங்கள்’ என்பதற்குச் சமம்.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டுமன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆலன் லண்ட்கார்டும் அரவிந்த் சத்யநாராயணும் 2021இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கப்படத்தைப் பற்றிச் சொல்லக்கூடியவற்றை நான்கு தளங்களாகப் பிரித்தனர்: படத்தின் அமைப்பு, உச்சம், தாழ்வு போன்ற புள்ளியியல் செய்திகள், போக்குகள், படத்திற்கு வெளியிலிருந்து கொண்டுவரும் சூழல் விளக்கம். பார்வையற்றோர் 30 பேரிடமும் பார்வையுள்ளோர் 90 பேரிடமும் எது பயன்தரும் என்று கேட்டனர். பார்வையுள்ளோர் நான்காம் தளத்தை விரும்பினர். பார்வையற்றோர் பலருக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. பொருள்கொள்வதை எழுதியவர் தம் கையில் எடுத்துக்கொள்வதை அவர்கள் விரும்பவில்லை. நம்மில் பலர் அக்கறையோடு மாற்றுரை எழுத உட்கார்ந்தால் எழுதுவது பெரும்பாலும் அந்த நான்காம் தளத்தைத்தான்.

திருத்திய மாற்றுரை இவ்வாறு அமைந்தது: “பட்டை விளக்கப்படம். கேரளத்தில் 2018 தென்மேற்குப் பருவமழை, இயல்பும் பெய்ததும், மி.மீ. அளவில். ஜூன், ஜூலை இரண்டிலும் மழை இயல்பைவிடச் சற்றே மிகுதி. ஆகஸ்டு 1 முதல் 19 வரையில் இயல்பைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். எண்கள் அடுத்துவரும் அட்டவணையில்.” படத்தின் வகை, எதை எதனோடு ஒப்பிடுகிறது, அலகு, முதன்மையான போக்கு, எண்கள் இருக்குமிடம். இதற்கு மேல் மாற்றுரையில் ஏற்றக்கூடாது. பொதுவாகத் திரைவாசிப்பான் மாற்றுரையை ஒரே தொடராக வாசிக்கும். நடுவில் நின்று ஓர் எண்ணை மட்டும் மீண்டும் கேட்பது தொல்லை. பன்னிரண்டு எண்களை மாற்றுரைக்குள் திணிப்பவர், நினைவாற்றல் தேர்வு நடத்துகிறார்.

அட்டவணையில் நிலைமை வேறு. என்விடிஏ திரைவாசிப்பானில் Ctrl, Alt விசைகளோடு அம்புவிசையை அழுத்தினால் கட்டம் கட்டமாக நகரலாம். ஆகஸ்டு வரிசையில் வலப்பக்கம் நகர்ந்தால் “பெய்தது, 758.6” என்று நெடுவரிசையின் தலைப்போடு சேர்த்துச் சொல்லும். ஆனால் தலைப்பைத் தலைப்பென்று நாம் குறித்திருந்தால்தான் சொல்லும். தடித்த எழுத்தில் அடித்துவிட்டால் அது தலைப்பாகிவிடாது. இணையப் பக்கமானால் குறிக்கும் முறை இது:

```html
<table lang="ta">
<caption>கேரள மழை 2018, மி.மீ.</caption>
<tr><th scope="col">காலம்</th>
<th scope="col">இயல்பு</th>
<th scope="col">பெய்தது</th></tr>
<tr><th scope="row">ஆகஸ்டு 1–19</th>
<td>287.6</td><td>758.6</td></tr>
</table>
```

வேர்டில் எழுதுவோர் முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறித்தால் போதும். கட்டங்களை ஒன்றிணைக்காதீர்கள், ‘2018’ என்று மூன்று நெடுவரிசைகளுக்கு மேல் அழகாகப் பரப்பி வைத்தால், எந்த எண் எந்தத் தலைப்பின்கீழ் வருகிறது என்று குரல் தடுமாறும்.

தமிழில் எழுதுவோருக்கென்றே உரிய பழுதுகளும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த அட்டவணை கண்ணுக்குத் தமிழ். கணினிக்கோ பொருளற்ற உரோமன் எழுத்துக்கோவை. குரலும் அப்படியே உளறும். ஒருங்குறிக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மேலே உள்ள `lang="ta"` குறிப்பை விட்டால், ஆங்கிலக் குரலே தொடர்ந்து தமிழ்ச் சொற்களைச் சிதைக்கவோ விழுங்கவோ கூடும். இன்னொன்று, குறை எண்கள். கழித்தல் குறிக்குப் பதில் நாம் அடிக்கும் சிறுகோடு பல அமைப்புகளில் வாசிக்கப்படாமலே போகிறது. இயல்பைவிட 12 விழுக்காடு குறைந்த மழை, கேட்பவருக்கு 12 விழுக்காடு கூடிய மழையாகிவிடும். எழுத்துப்பிழையைவிட மோசமானது இது. ஏனெனில் தவறு என்று சந்தேகிக்கக்கூட இடமில்லை. ‘குறைவு 12’ என்று சொல்லாலேயே எழுதிவிடலாம். இறுதியாக, ஆய்வேட்டைப் பிடிஎஃப் ஆக்கும்போது ‘அச்சிடு’ வழியாகச் செல்லாமல் சேமிப்பு வழியாக, அணுகல் குறிகளைத் தக்கவைக்கும் தெரிவோடு செல்ல வேண்டும். இல்லையேல் மாற்றுரையும் தலைப்புக் குறிகளும் உதிர்ந்துவிடும்.

அட்டவணை எல்லாவற்றையும் தீர்க்காது என்பதும் உண்மை. மூன்று வரிசை அட்டவணையைக் கேட்கலாம். பருவத்தின் 122 நாள் மழையைக் கட்டம் கட்டமாகக் கேட்பவர் நாற்பதாவது நாளில் முதல் நாளை மறந்திருப்பார். அங்கே வாரவாரியான சுருக்க அட்டவணையை உரைக்குள்ளும், முழுத்தரவைத் தனிக் கோப்பாகவும் தருவது முறை. ஆயிரம் புள்ளிகள் சிதறிய படத்தில் புள்ளிகளின் பட்டியல் யாருக்கும் உதவாது. ஒட்டுறவுக் கெழுவையும் விலகி நிற்கும் புள்ளிகளையும் சொல்வதே உதவும்.

பக்கம் கூடும், படமும் அட்டவணையும் இருந்தால் ‘கூறியது கூறல்’ ஆகும் என்று நெறியாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அட்டவணையைப் பின்னிணைப்பில் வைத்து உரையில் இணைப்புத் தரலாம் என்பதால், பக்கக்கணக்கு ஒரு காரணமாகாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல்கள் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இருந்தும், நான் பார்த்த ஆய்வேட்டு வடிவமைப்பு விதிகள் ஓர விளிம்பின் அங்குலக் கணக்கைச் சொல்கின்றன. மாற்றுரையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மூன்றாம் இயலின் படத்தை நாள் சராசரிக்கு மாற்றி வரைந்தேன். இப்போது ஆகஸ்டுப் பட்டையே உயரம். அட்டவணையில் நாள் எண்ணிக்கைக்கு ஒரு நெடுவரிசை சேர்ந்திருக்கிறது. நண்பர் அதையும் படித்துவிட்டார். ஜூலை இறுதியில் அணைகளின் நீர்மட்டம் எந்த அட்டவணையில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அதை நான் இன்னும் தொகுக்கவில்லை.