ஏற்கிறேன் என்று எழுதும் முன்

பாரிஸ் நிறுவனத்திடமிருந்து வேலைக் கடிதம் வந்துவிட்டது. பதில் பிரெஞ்சில் போக வேண்டும். ஆண்டுக்கு 42,000 யூரோ, செப்டம்பர் 1 முதல் வேலை, நிரந்தர ஒப்பந்தம், நான்கு மாதத் தகுதிகாண் காலம் என்று வைத்துக்கொள்வோம். 'மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன்' என்ற வரிக்குப் பிறகு, இந்த நான்கையும் அவர்கள் எழுதியபடியே திரும்ப எழுதுங்கள்.

சம்பளத்தோடு 'ப்ரூட்' என்ற சொல் கட்டாயம் வேண்டும். பிடித்தங்களுக்கு முந்தைய தொகை என்று பொருள். மாதம் 3,500 யூரோவில் சமூகப் பாதுகாப்புச் சந்தா போக, வருமான வரிக்கு முன் நிற்பது ஏறக்குறைய 2,700தான். நம் சிபிஎஃப் போல அந்தச் சந்தா உங்கள் பெயரில் சேமிப்பாகக் கிடக்காது.

விசா தாமதமாகுமோ என்ற பயத்தில், 'அக்டோபரில் சேருகிறேன்' என்று நடுவில் நுழைத்துவிடாதீர்கள். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1118ஆவது பிரிவுப்படி, அவர்கள் தந்ததோடு பொருந்தாத ஏற்பு செல்லாது. அது உங்கள் புதிய கோரிக்கையாகிவிடும். அதை நிறுவனம் மறுக்கலாம். தேதியை முதலில் தனி மின்னஞ்சலில் கேளுங்கள். திருத்திய கடிதம் வந்ததும் ஏற்பை அனுப்புங்கள்.

இன்னொன்று: 'மதாம்' என்று தொடங்கினால், முடிக்கும் மரியாதை வரியிலும் அதே 'மதாம்' வர வேண்டும். வெறும் 'மெர்சி' இங்கே போதாது.