10/5 வேறு, 5/10 வேறு

போன டிசம்பரில் ஃப்ரான்ஸிலிருந்து என் மனைவியின் தம்பியும் அவன் மனைவியும் வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ரத்த அழுத்தம். அங்கே டாக்டர் கொடுத்த மாத்திரைகளை மூன்று மாதத்துக்குக் கணக்குப் பண்ணி எடுத்து வந்திருந்தார்கள்.

இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் மச்சான் செருப்பு மாட்ட முடியாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தன. "பிளேனில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வந்தது, அத்தான்" என்றான். பிளேனை விட்டு இறங்கிப் பதினைந்து நாள் ஆகிறதே, மாத்திரையைக் காட்டு என்றேன்.

அட்டைப்பெட்டியில் எல்லாம் பிரெஞ்சில் எழுதியிருந்தது. பள்ளியில் படித்த பிரெஞ்சு அன்றைக்கு உதவியது. மாத்திரையின் பெயருக்குக் கீழே 5 mg/10 mg என்று இருந்தது. அவனுடைய டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் 10 mg/5 mg. 5/10 அவன் மனைவியின் மாத்திரை. பெயர் ஒன்று, பெட்டியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒரே பையில் வைத்துக்கொண்டு வந்ததில் இடம் மாறிவிட்டது. "இதிலும் பத்து இருக்கிறது, அஞ்சு இருக்கிறது. மொத்தம் பதினைந்துதானே?" என்றான்.

அரசாங்க ஆபீசில் கணக்கு எழுதியவன் என்பதால் எனக்கு உடனே உறைத்தது. ஒரு தலைப்பில் எழுதவேண்டிய தொகையை வேறு தலைப்பில் எழுதினாலும் அடியில் கூட்டுத்தொகை சரியாகத்தான் வரும். ஆனால் கணக்கு தப்பு. இந்த எண்களைக் கூட்டவே கூடாது. இரண்டும் இரண்டு வேறு மருந்தின் அளவு.

அவர்கள் மாத்திரையில் முதல் மருந்து பெரின்டோப்ரில், இரண்டாவது அம்லோடிபின். பெட்டியில் மருந்துகளின் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ, அதே வரிசையில்தான் எண்களும். ஆக மச்சானுக்கு வேண்டியது பெரின்டோப்ரில் 10, அம்லோடிபின் 5. அவன் சாப்பிட்டது பெரின்டோப்ரில் 5, அம்லோடிபின் 10. ஒன்று பாதியாகி, மற்றது இரட்டிப்பாகிவிட்டது. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் கொடுக்கும். அளவு கூடினால் அதற்கு வாய்ப்பும் கூடும். அவன் மனைவிக்கு நேர் எதிர். அம்லோடிபின் பாதியாகக் குறைந்துபோயிருந்தது. மெஷினில் பார்த்தால் அழுத்தம் வழக்கத்தைவிட ஏறியிருந்தது. எங்கள் டாக்டரிடம் இரண்டு பெட்டியையும் சீட்டையும் கொண்டுபோய்க் காட்டினோம். அவரவர் மாத்திரைக்கு மாறச் சொன்னார். வீக்கம் மெல்ல வடிந்தது.

பெரிய எண்தான் முதலில் வரும் என்றும் நினைக்கவேண்டாம். நம்மூரில் நிறையப் பேர் சாப்பிடுகிற டெல்மிசார்ட்டன், அம்லோடிபின் கூட்டில் 40/5 என்றால் 40 டெல்மிசார்ட்டன். அம்லோடிபின், வல்சார்ட்டன் கூட்டில் 5/80 என்று சின்ன எண் முன்னால் வரும். பெயரைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் எது எதனுடையது என்று தெரியாது. அதேபோல 40/12.5 என்பது 40/5-ஐவிடப் பலமான மாத்திரை என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அங்கே 12.5 என்பது பெரும்பாலும் சிறுநீரைக் கூட்டுகிற மருந்தின் அளவு. அம்லோடிபினே அதில் இல்லை. இரண்டையும் ஒப்பிடுவதே தவறு.

மச்சானுடைய மாத்திரை தீர்ந்துபோனால் இங்கே வாங்கலாமா என்று கேட்டபோது இன்னொரு விஷயமும் தெரிந்தது. இங்கே பெரின்டோப்ரில் 4, 8 என்று வரும். அங்கே 5, 10. மருந்து ஒன்றுதான், அது சேர்ந்திருக்கிற உப்பு வேறு. அங்கத்திய 5-க்கு இங்கத்திய 4 சமம், 10-க்கு 8 சமம். அதாவது அவனுடைய 10/5-க்கு இங்கே ஈடு 8/5. இது தெரியாதவர் 8-ஐப் பார்த்து, அளவு குறைந்துவிட்டது என்று பயப்படுவார். இதையும் டாக்டரிடம் கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

என் கருத்து இதுதான். பிராண்ட் பெயரையும் இரண்டு எண்ணையும் மட்டும் மனப்பாடம் செய்து கடையில் சொல்வதை நம் வயதுக்காரர்கள் நிறுத்தவேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒவ்வொரு மருந்தின் பெயரும், அதற்கு நேரே அதன் அளவும் இருக்கும். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லி, ஒரு தாளில் மருந்துக்கு ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். புது அட்டை வாங்கும்போது கடையிலேயே அந்தத் தாளை வைத்து ஒத்துப்பாருங்கள். மாறியிருந்தால் பணம் கொடுக்குமுன் கேளுங்கள்.

மச்சான் ஊருக்குப் போகும்போது இரண்டு பெட்டியிலும் பெரிய எழுத்தில் அவரவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். இப்போது இரண்டும் தனித்தனிப் பையில் இருக்கின்றனவாம்.