குழந்தை தனியாக ஃப்ளைட் ஏறுகிறதா? டிக்கெட்டுக்கு முன்னால் விசாவைப் பாருங்கள்!

கோடை விடுமுறைக்கு லண்டனில் இருக்கும் சித்தி வீட்டுக்கு, சென்னையிலிருந்து 10 வயது மகளைத் தனியாக அனுப்ப வேண்டும். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் லீவு கிடைக்கவில்லை. இப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் வேலையாக என்ன செய்வார்கள்? டிக்கெட் தேடுவார்கள். சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

தனியாகப் பயணம் செய்யும் குழந்தையை விமான நிறுவனங்கள் ‘அன்அக்கம்பனீட் மைனர்’ என்கின்றன. புக்கிங்கில் UMNR என்று ஒரு குறியீடு ஏறும். பல நிறுவனங்களில் 5 முதல் 11 வயது வரை இந்தச் சேவை கட்டாயம். 12 வயதுக்கு மேல் பெற்றோர் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். தனிக் கட்டணம் உண்டு.

அந்தக் கட்டணத்துக்குக் கிடைப்பது என்ன? செக்-இன்னில் ஓர் ஊழியர் குழந்தையைப் பொறுப்பேற்று, இமிகிரேஷன் தாண்டி விமானத்தில் ஏற்றிவிடுவார். இறங்கும் ஊரில் இன்னொரு ஊழியர் கூட்டிக்கொண்டு வெளியே வருவார். கூடவே ஒரு படிவமும் பயணிக்கும். குழந்தை கைமாறும் இடங்களில் அதில் கையெழுத்து விழும். அங்கே கூப்பிட வருபவரின் பெயரும் அதில் இருக்கும். அவர்தான் அடையாள அட்டையோடு வர வேண்டும். ‘சித்தி ஆபீஸ்ல மாட்டிக்கிட்டாங்க, நான் அவங்க ஃப்ரெண்டு’ என்று வந்து நின்றால் குழந்தையை ஒப்படைக்க மாட்டார்கள். மற்றபடி, பயணம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் ஆள் என்று யாரும் கிடையாது.

சென்னை - லண்டன் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது பிரிட்டிஷ் ஏர்வேஸ். ஆனால், அந்த நிறுவனம் 2016-லேயே இந்தச் சேவையை நிறுத்திவிட்டது. 14 வயதுக்குக் கீழே இருந்தால் தனியாக ஏற்றுவதில்லை. வேறு நிறுவனம் என்றால் பெரும்பாலும் நடுவில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டியிருக்கும். தனியாக வரும் குழந்தையைக் கனெக்‌ஷனில் ஏற்றுவார்களா, எத்தனை மணி நேரக் காத்திருப்பு வரை ஏற்பார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். போனில் கேட்டு உறுதிசெய்யாமல் டிக்கெட்டுக்குப் பணம் கட்டக் கூடாது.

சரி, ஒரு நிறுவனம் ஒத்துக்கொண்டது, பணமும் கட்டியாச்சு. எல்லாம் முடிந்தது என்று பெற்றோர் நினைப்பது இந்த இடத்தில்தான். ஆனால், விமான நிறுவனத்தின் வேலை குழந்தையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே. உள்ளே விடுவதா வேண்டாமா என்பது அந்த நாட்டின் எல்லை அதிகாரி கையில் இருக்கிறது.

பிரிட்டன் விசிட் விசாவில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு தனி நிபந்தனை உண்டு. பெரியவரோடு வருகிறார் என்று விண்ணப்பித்தால், அந்தப் பெரியவரின் பெயர் விசாவிலேயே வரும். அவர் இல்லாமல் குழந்தை மட்டும் போய் இறங்கினால் அனுமதி மறுக்கப்படலாம். நம்முடைய உதாரணத்தில், போன வருடம் குடும்பமாகப் போவதற்காக எடுத்த விசா இன்னும் செல்லுபடியாகிறது, இருக்கட்டும் என்று மகளை அதிலேயே அனுப்பினால் மாட்டிக்கொள்வது அந்தக் குழந்தைதான். கழுத்தில் UMNR பை தொங்குவது அதைச் சரிசெய்யாது.

தனியாக வருகிறார் என்றே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம் தேவை. குழந்தை எப்படிப் பயணிக்கிறது, யார் கூப்பிட வருகிறார், எந்த முகவரியில் தங்குகிறது, அங்கே பார்த்துக்கொள்பவர் யார், அவர் என்ன உறவு என்பதெல்லாம் அதில் இருப்பது நல்லது. சித்தியிடமிருந்தும் ஒரு கடிதம், பிறப்புச் சான்றிதழ் நகல். பாஸ்போர்ட் எடுக்கும்போது பெற்றோர் கையெழுத்துப் போட்ட ‘அனெக்சர் டி’ இதற்கு உதவாது. அது பாஸ்போர்ட் கொடுப்பதற்கான சம்மதம், இந்தப் பயணத்துக்கானது அல்ல. இந்தக் காகிதங்களின் ஒரு செட் குழந்தையின் கைப்பையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டிக்குள் அல்ல.

இன்னொரு சங்கதி, நம் ஆட்களுக்கே உரியது. நமக்கு அம்மாவின் தங்கையும் சித்தி, அம்மாவின் பெரியப்பா மகளும் சித்தி. பிரிட்டன் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பெற்றோரின் உடன்பிறந்தவர் நெருங்கிய உறவு. ஒன்றுவிட்டவர் அந்தப் பட்டியலில் இல்லை. 16 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை அப்படிப்பட்டவர் வீட்டில் 28 நாள் அல்லது அதற்கு மேல் தங்குவதாக இருந்தால், அது ‘பிரைவேட் ஃபாஸ்டரிங்’ ஆகிவிடும். உள்ளூர் கவுன்சிலுக்கு ஆறு வாரம் முன்பே சொல்ல வேண்டும். கடிதத்தில் வெறுமனே ‘ஆன்ட்டி’ என்று எழுதாமல், எந்த வழியில் உறவு என்று எழுதுவது அதனால்தான் முக்கியம்.

இதையெல்லாம் பெற்றோரே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விமான நிறுவனங்கள் விடுவது சரியில்லை. UMNR புக்கிங்குக்கு அவர்கள் வயதைக் கேட்கிறார்கள், கூப்பிட வருபவரின் போன் நம்பரைக் கேட்கிறார்கள். ‘விசா தனியாகப் போவதற்கானதுதானா?’ என்ற கேள்வியையும் அதே படிவத்தில் சேர்க்க ஒரு வரி போதும். தனிக் கட்டணம் வாங்கும் நிறுவனம் அதைச் செக்-இன் கவுண்டர் வரை தள்ளிப்போடக் கூடாது.