சராசரி கேட்ட ஆயிரத்து நூறு சொல்

எழுத உட்காரும் முன் கூகுளில் ஒருமுறை தேடிப் பார்த்துவிடு என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. பார்த்ததை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை. முதலில் வரும் பக்கங்களின் சொற்களை எண்ணுகிறார்கள், சராசரி போடுகிறார்கள், அதைவிட நூறு சொல் கூட்டி எழுதச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டுத் தரவே கட்டணக் கருவிகள் இருக்கின்றன.

'ஒரு சென்ட் எத்தனை சதுர அடி' என்ற தேடலை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து பக்கங்களில் 250, 300, 350, 400, 4,200 சொற்கள் இருப்பதாக வையுங்கள். சராசரி 1,100. அந்த அளவில் அங்கே ஒரு பக்கம்கூட இல்லை! நான்கு பக்கம் விடையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டன. ஐந்தாவது, நில அளவைகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிய கட்டுரை. சராசரியை நம்பியவர் 435.6 என்ற ஓர் எண்ணைச் சொல்ல நிலத்தின் மகிமையிலிருந்து தொடங்குவார்.

நீளம்தான் முன்னே கொண்டுவந்தது என்பதற்கும் ஆதாரம் இல்லை. பத்தாம் பக்கத்தில் கிடக்கும் நீண்ட கட்டுரைகளை யாரும் எண்ணவில்லையே. தனக்கு விருப்பமான சொல் அளவு எதுவும் இல்லை என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது.

எண்ணுவதை விட்டுவிட்டு வாசித்தால் வேறு விஷயம் தெரியும். முதல் சில இடங்களில் எண்ணைத் தட்டினால் விடை தரும் கணிப்பான்களே நின்றால், தேடுபவர் படிக்க வரவில்லை, கணக்குப் போட வந்திருக்கிறார். அங்கே கட்டுரை எத்தனை நீளமானாலும் எடுபடுவது கடினம். முடிவுப் பக்கத்தின் உச்சியிலேயே விடை பெட்டியாக வந்துவிட்டால், பலர் எதையும் சொடுக்காமலே போய்விடுவார்கள். அந்தத் தேடலுக்கு எழுதத்தான் வேண்டுமா என்பதையே யோசிக்கலாம்.

அடுத்து, 'மனை வாங்கும் முன் பட்டா சரிபார்ப்பது எப்படி' என்று தேடுங்கள். இரண்டு தேடலிலும் வரும் முகவரிகளை ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஒன்றே என்றால் ஒரு பக்கம் போதும். ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்றால் இரண்டையும் ஒரே கட்டுரையில் திணிக்கக் கூடாது. பட்டா கட்டுரை நீளுவது நியாயம்: பெயர், சர்வே எண், பரப்பு, வில்லங்கச் சான்று என்று பார்க்க வேண்டிய படிகளே அத்தனை. (அங்கும் அரசின் இணையச் சேவைப் பக்கம் முதலில் நின்றால், அதில் சொற்களே அதிகம் இராது. அதையும் சராசரியில் சேர்ப்பார்கள், பாவம்.)

சென்ட் பக்கத்தை நான் எழுதுவதானால் முதல் வரியில் 435.6. கீழே ஒரு சின்ன அட்டவணை: 5 சென்ட் 2,178 சதுர அடி, ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய ஐந்தரை சென்ட். அதோடு முடிந்தது.