இழப்பீடு பூர்வீகச் சொத்து அல்ல

சாலை விபத்து இழப்பீட்டையும் வாரிசுரிமைச் சட்டப்படி சமபங்காகப் பிரிப்பதே நியாயம் என்று வாதிடுகிறார் நண்பர் ஒருவர். அது நியாயமல்ல. சொத்து, இறந்தவர் விட்டுச்சென்றது. இழப்பீட்டின் பெரும்பகுதியோ, அவரை நம்பியிருந்தவர்கள் இழந்த வருமானம்.

34 வயதுக் கொத்தனார் ஒருவர் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 15,000 ரூபாய். மனைவி, மூன்று வயது மகள், தாய், படுக்கையில் கிடக்கும் தந்தை ஆகிய நால்வரும் அவரை நம்பியிருந்தவர்கள். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால்பங்கு கழித்தால் 15,750. அதை 12 மாதத்தாலும், வயதுக்குரிய பெருக்கல் எண் 16-ஆலும் பெருக்கினால் 30,24,000 ரூபாய்.

நண்பரின் வழியில், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகள், தாய் மூவருக்கும் சமபங்கு. இரண்டாம் வகுப்பு வாரிசான தந்தைக்கு ஒன்றுமில்லை. ஆனால் கால்பங்கு மட்டும் கழித்ததற்குக் காரணமே, அவரும் மகனை நம்பியிருந்தார் என்பதுதான். அவரைக் காட்டித் தொகையைக் கூட்டிவிட்டு, பங்கிடும்போது விலக்குவது எந்த நியாயம்?

யாருக்கு எவ்வளவு என்று தீர்ப்பாயமே முடிவு செய்யவேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 168-ஆம் பிரிவு. நம்பியிராத வாரிசும் மனு செய்யலாம். ஆனால் பங்கைத் தீர்மானிக்க வேண்டியது நம்பியிருந்த அளவே. மனுவில் பெற்றோரைச் சேர்த்து, அவர்கள் நம்பியிருந்ததற்குச் சாட்சியமும் கொடுங்கள்.